காலை ஆறு முதல் எட்டேகால் வரை: விடுதிக்கு வெந்நீர் எத்தனை லிட்டர், எத்தனை கிலோவாட்?

கோவைக்கு வெளியே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவியர் விடுதி. நான்கு தளம், 190 பேர், 24 குளியலறைகள். வெந்நீர் ஏற்பாட்டை மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். வார்டன் அம்மா சொன்னது ஒரே வரி: “ஏழேகாலுக்கு அப்புறம் போற புள்ளைங்களுக்குப் பச்சத் தண்ணிதானுங்க சார்.”

அவர் மேசையில் மூன்று கொட்டேஷன்கள் இருந்தன. ஒன்று, ஒவ்வொரு குளியலறையிலும் 25 லிட்டர் கீசர். இரண்டாவது, மொட்டை மாடியில் ஒரு பெரிய டேங்க், அதற்குள் மின் ராடுகள். மூன்றாவது, ஹீட் பம்ப்போடு 1,000 லிட்டர் டேங்க். மூன்றாவதில் “ஒரு நாளைக்கு 6,000 லிட்டர் வெந்நீர்” என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. விடுதியின் ஒரு நாள் தேவை அதைவிடக் குறைவு. அதனால் நிர்வாகத்துக்கு அதன்மேல்தான் கண்.

அந்த 6,000 லிட்டர் பொய்யில்லை. மணிக்கு 300 லிட்டர் சூடாக்கும் கருவி 20 மணி நேரம் ஓடினால் 6,000 லிட்டர் வரும். ஆனால் விடுதியில் யாரும் 20 மணி நேரமும் குளிப்பதில்லை. 150 பேர் காலை ஆறு மணிக்கும் எட்டேகாலுக்கும் நடுவில் குளித்து முடிக்கிறார்கள். அந்த இரண்டேகால் மணி நேரத்தில் கையில் இருப்பது முந்தின இரவு டேங்கில் சேர்த்த வெந்நீரும், குளியல் நடக்கும்போதே கருவி சூடாக்கித் தரும் கொஞ்சமும்தான். இதைக் கணக்குப் போடாமல் எந்த கொட்டேஷனையும் ஒப்பிட முடியாது.

முதலில் அளந்தது

இந்த அளவை நீங்களே எடுக்கலாம். ஒரு பக்கெட், ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம் போதும். ஆனால் டிசம்பரில், வகுப்பு நடக்கும் ஒரு வார நாளில் எடுக்க வேண்டும். ஏப்ரலில் அளந்தால் கணக்கு பாதியாகிவிடும்.

டிசம்பர் காலையில் மேல்தொட்டித் தண்ணீர் 22 டிகிரி இருந்தது. குளிக்க விளாவிய தண்ணீர் 40 டிகிரி. அதற்கு மேல் போனால் பெரும்பாலோருக்குச் சுடும், 37-க்குக் கீழே போனால் புகார் வரும். ஒருவருக்கு விளாவிய தண்ணீர் 30 லிட்டர் என்று எடுத்தோம். ஒரு பக்கெட்டும் அரையும், தலைக்குக் குளிக்கும் நாளில் இன்னும் கொஞ்சம் என்று சராசரி பார்த்தால் அவ்வளவுதான் வந்தது. ஷவரில் குளிக்கும் விடுதியாக இருந்தால் இந்த 30, எளிதாக 45 ஆகிவிடும். அதனால் என்னுடைய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் நேரம். இரண்டு நாள் காலையில் ஒவ்வொரு தளத்திலும் ஒரு மாணவி உட்கார்ந்து, கதவு எப்போது திறக்கிறது என்று குறித்துக்கொண்டார். ஆறிலிருந்து ஆறே முக்காலுக்குள் 35 பேர். ஆறே முக்காலிலிருந்து ஏழே முக்காலுக்குள் 90 பேர். அதன் பிறகு எட்டேகாலுக்குள் 25 பேர். மீதி 40 பேர் மாலையில் குளிப்பவர்கள்.

அந்த 90-க்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதைக் கவனியுங்கள். ஒருவர் உள்ளே போய் வெளியே வர 12 நிமிடம் ஆகிறது. 24 குளியலறையில் ஒரு மணி நேரத்துக்கு 120 பேருக்கு மேல் குளிக்கவே முடியாது. மாணவிகள் 300 பேராக இருந்தாலும் அதே 120-தான்; வரிசை நீளும், அவ்வளவே. விடுதியின் உச்ச நேரத் தேவைக்கு எல்லை போடுவது தலைக்கணக்கு இல்லை, கதவுக்கணக்கு. தலைக்கு இத்தனை லிட்டர் என்று அட்டவணையைப் பார்த்து எண் போடுபவர்கள் தவறவிடும் இடம் இது.

இனி வெப்பம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோகலோரி வேண்டும். 860 கிலோகலோரி சேர்ந்தால் ஒரு யூனிட் மின்சாரம். 30 லிட்டரை 22-லிருந்து 40-க்கு ஏற்றுவதற்கு 540 கிலோகலோரி, அதாவது 0.63 யூனிட். காலையில் குளிக்கும் 150 பேருக்கு 94 யூனிட் வெப்பம். மாலையில் 25. குழாயிலும் டேங்கிலும் போகும் வெப்பம், சூடு வரும்வரை திறந்துவிடும் தண்ணீர் எல்லாவற்றுக்கும் 15 சதவீதம் சேர்த்தால் காலைக்கு 108, நாள் முழுதுக்கும் 137.

இதையே வெந்நீர் லிட்டராகவும் சொல்ல வேண்டும். டேங்கில் 55 டிகிரி வெந்நீர் இருந்தால், ஒருவருடைய 30 லிட்டரில் பாதிக்குச் சற்று மேல் டேங்கிலிருந்து வரும், மீதி பச்சைத் தண்ணீர். இழப்பும் சேர்ந்து ஆளுக்குக் கிட்டத்தட்ட 19 லிட்டர் வெந்நீர். காலையில் மொத்தம் ஏறத்தாழ 2,820 லிட்டர். அதில் அந்த நெரிசலான ஒரு மணி நேரத்துக்கு மட்டும் 1,700.

இப்போது மூன்றாவது கொட்டேஷனைப் பார்ப்போம். 1,000 லிட்டர் டேங்கில் 800 லிட்டர்தான் குளிக்கும் சூட்டில் வெளியே வரும். மீதி, கீழிருந்து ஏறும் பச்சைத் தண்ணீரோடு கலந்து கெட்டுவிடும். அதோடு மணிக்கு 300 லிட்டர். ஆறிலிருந்து ஆறே முக்கால் வரை தாக்குப்பிடிக்கும். நெரிசல் தொடங்கியதும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏழு மணி சுமாருக்கு, 60 பேர் குளித்த நிலையில், டேங்க் காலி. ஒரு நாளைக்கு 6,000 லிட்டர் தரும் ஏற்பாட்டில் 90 பேர் பச்சைத் தண்ணீரில் குளித்திருப்பார்கள். வார்டன் அம்மாவின் ஏழேகால், ஏழு மணியாகியிருக்கும்.

டேங்க் ஒரு கேள்வி, கருவி இன்னொரு கேள்வி

இந்த ஒப்பீட்டில் எல்லோரும் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். காலை நெரிசலைச் சமாளிப்பது எப்படி என்பது ஒன்று. யூனிட் செலவைக் குறைப்பது எப்படி என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை டேங்க் அளவில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை ராடா, ஹீட் பம்ப்பா என்பதில் இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் முடிவு சுலபமாகிறது.

மொட்டை மாடி டேங்கில் 36 கிலோவாட் ராடு போட்டால் அது மணிக்கு 940 லிட்டர் சூடாக்கும். நெரிசலான மணி நேரத்தில் 1,700 லிட்டர் போகிறது, 940 உள்ளே வருகிறது. இடைவெளி 760. டேங்கில் 80 சதவீதம் பயன்படும் என்றால் 950, அதாவது 1,000 லிட்டர் டேங்க் போதும். 18 கிலோவாட் மட்டும் என்றால் டேங்க் 2,200 லிட்டர். 9 கிலோவாட் என்றால் 2,900.

கிலோவாட்டை 36-லிருந்து 9-க்கு, நாலில் ஒன்றாகக் குறைத்தோம். டேங்க் மூன்று மடங்காகியது. 9-லிருந்து 18-க்கு இரட்டிப்பாக்கினால் டேங்கில் மிச்சமாவது 700 லிட்டர்தான். டேங்க் ஒருமுறை வாங்கி வைக்கும் பொருள். கிலோவாட்டுக்குக் கேபிள், பேனல், அனுமதி பெற்ற மின்சுமை, மாதாமாதம் நிலைக்கட்டணம் என்று தொடர்ந்து விலை உண்டு. காலை இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் தேவை கூடும் இடத்தில் லிட்டரைக் கூட்டுவதுதான் சரி என்பது என் கருத்து. இது ஹீட் பம்ப் வாங்குவதற்கான வாதம் இல்லை. 9 கிலோவாட் ராடும் 2,900 லிட்டர் டேங்கும் வைத்தால்கூட கடைசி மாணவிவரை வெந்நீர் வரும்.

குளியலறைக்கு ஒரு கீசர்

தனித்தனி கீசரை ஒரேயடியாகத் தள்ள முடியாது. குழாயில் வெப்பம் வீணாவதில்லை. ஒன்று கெட்டால் ஒரு குளியலறைதான் போகும். எந்த எலக்ட்ரீஷியனும் சரிசெய்துவிடுவார். இருபது, முப்பது பேர் இருக்கும் சின்ன விடுதிக்கு நான் இதையே சொல்வேன்.

ஆனால் இங்கே பாருங்கள். ஒரு குளியலறையில் உச்ச நேரத்தில் மணிக்கு 5 பேர். 5 பேருக்கு 3.1 யூனிட் வெப்பம் வேண்டும். 2 கிலோவாட் கீசர் ஒரு மணி நேரத்தில் 2 யூனிட் தரும். 25 லிட்டரை 60 டிகிரியில் வைத்திருந்தால் அதில் சேமிப்பு 1.1 யூனிட். கூட்டினால் சரியாக 3.1. காகிதத்தில் கச்சிதம். ஆனால் டேங்கில் உள்ள அத்தனை வெப்பமும் வெளியே வராது. ஐந்தாவது மாணவிக்கு இளஞ்சூடுதான். சேமிப்பில்லாத 3 கிலோவாட் உடனடி கீசர் போட்டால் ஐந்தாவது ஆளுக்கும் சூடு வரும். ஆனால் 20 லிட்டர் பக்கெட் நிறைய எட்டரை நிமிடம் ஆகும். 12 நிமிடக் குளியல் நீண்டு, வரிசையும் நீளும்.

பெரிய சிக்கல் மின்சுமை. 24 கீசர் 2 கிலோவாட் வீதம் 48 கிலோவாட். உடனடி கீசர் என்றால் 72. “எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது” என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். வீடுகளில் அது உண்மை. விடுதியில் ஏழு மணிக்கு எல்லாம் ஒரே நேரத்தில்தான் ஓடும், ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் வகுப்பு. அதே நேரத்தில் மெஸ்ஸில் கிரைண்டர் ஓடும், போர் மோட்டார் ஓடும். அனுமதி பெற்ற மின்சுமையைத் தாண்டினால் அபராதம். காலை உச்ச நேரத்துக்குத் தனி விலை உள்ள உயரழுத்த இணைப்பாக இருந்தால் யூனிட்டுக்கும் கூடுதல். டீசல் ஜெனரேட்டரில் ஓடும் நாளில் கீசர் எதுவும் எடுக்காது.

ஹீட் பம்ப் என்ன செய்கிறது

ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஏ.சி. அறைக்குள் இருந்து வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவது போல, இது மொட்டை மாடிக் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் கிடைக்கிறது என்பதை சி.ஓ.பி. என்பார்கள். கோவை டிசம்பரில், தண்ணீரை 22-லிருந்து 55-க்கு ஏற்றும்போது 3 என்று வைத்துக் கணக்குப் போடுவேன். மதிய வெயிலில் அதைவிட நன்றாகவே வரும். கேட்லாக்கில் 4, 4.5 என்று இருந்தால், எந்தக் காற்று வெப்பத்தில், எத்தனை டிகிரி தண்ணீரை எத்தனை டிகிரிக்கு ஏற்றும்போது என்று கேளுங்கள். பல கருவிகளின் திறன் 20 டிகிரி காற்றில் 15 டிகிரி தண்ணீரை 55-க்கு ஏற்றுவதை வைத்துச் சொல்லப்படும். கோவைக்கு அது ஒத்துவரும். ஊட்டிக்கு வராது. ஐந்து டிகிரிக் காற்றில் திறனும் குறையும், சுருளில் உறைபனி பிடிக்கும், அதை உருக்குவதற்காகக் கருவி அடிக்கடி நிற்கும். மலை விடுதிக்குக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

நம் விடுதிக்கு நாளைக்கு 137 யூனிட் வெப்பம். 12 கிலோவாட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் பதினொன்றரை மணி நேரம் ஓடினால் வந்துவிடும். அது இழுக்கும் மின்சாரம் 4 கிலோவாட்தான். 48 எங்கே, 4 எங்கே!

டிசம்பர் நாள் ஒன்றுக்கு இப்படி வரும்:

| ஏற்பாடு | காலை மின்சுமை | டேங்க் | நாளைக்கு யூனிட் |
|---|---|---|---|
| 24 தனி கீசர் | 48 கிலோவாட் | 24 × 25 லிட்டர் | 125 |
| பெரிய ராடு, சின்ன டேங்க் | 36 கிலோவாட் | 1,000 லிட்டர் | 137 |
| சின்ன ராடு, பெரிய டேங்க் | 9 கிலோவாட் | 3,000 லிட்டர் | 137 |
| ஹீட் பம்ப், பெரிய டேங்க் | 4 கிலோவாட் | கீழே பார்ப்போம் | 46 |

ராடோடு ஒப்பிட்டால் டிசம்பரில் நாளைக்கு 91 யூனிட் மிச்சம். இதை 365-ஆல் பெருக்கிக் காட்டும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். விடுதி ஆண்டுக்கு 230 நாள் அளவில்தான் நிறைந்திருக்கும். கோடையில் மேல்தொட்டித் தண்ணீரே 30 டிகிரி, பாதிப் பேர் வெந்நீர் பக்கமே போவதில்லை. ஆண்டுச் சராசரியை டிசம்பரில் 60 சதவீதம் என்று எடுத்தால் மிச்சம் 12,500 யூனிட் சொச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ ஒரு லட்சம். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள். இதோடு ஒப்பிட வேண்டியது ஹீட் பம்ப்பின் முழு விலையை அல்ல. அதே டேங்கில் ராடு போடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். டேங்க் எப்படியும் வேண்டும். அந்த வித்தியாசம் நான்கு லட்சம் என்றால் நான்கு ஆண்டில் திரும்பி வரும். எட்டு லட்சம் என்றால் நான் யோசிப்பேன், ஏனென்றால் அதற்குள் கம்ப்ரஸர் மாற்றும் செலவும் வரக்கூடும்.

டேங்கைக் கலக்கிவிடும் பம்ப்

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு விடுதியில் நான் போட்ட கணக்கு தவறிப்போனது. 12 கிலோவாட் ஹீட் பம்ப்புக்கு 2,650 லிட்டர் போதும் என்று வந்தது. 3,000 லிட்டர் ஒரே டேங்க் வைத்தோம். முதல் டிசம்பரில் ஏழரைக்கே புகார். போய்ப் பார்த்தால் டேங்கின் மேல் வெப்பமானி 41, கீழே 38. அதில் வெப்பம் குறையவில்லை, ஆனால் குளிக்க முடியவில்லை.

காரணம் இதுதான். வெந்நீர் லேசானது, மேலே நிற்கும். பச்சைத் தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். டேங்க் பாதி காலியானபோது மேலே 1,500 லிட்டர் 55 டிகிரி, கீழே 1,500 லிட்டர் 22 டிகிரி என்று அடுக்காக இருந்தால் இன்னும் 80 பேர் குளிக்கலாம். இரண்டையும் கலந்துவிட்டால் 3,000 லிட்டர் 38.5 டிகிரி. வெப்பம் அதேதான், ஆனால் விளாவ இடமில்லை. அடுத்து வருபவர் குழாயை முழுதாகத் திறந்தாலும் வெதுவெதுப்புதான்.

கலக்கியது ஹீட் பம்ப்பின் சுற்றுப் பம்ப். நம் ஊரில் பரவலாக விற்கும் வகை, தண்ணீரை ஒரு சுற்றுக்கு ஐந்து டிகிரி வீதம் திரும்பத் திரும்ப ஏற்றும். 12 கிலோவாட்டுக்கு ஐந்து டிகிரி என்றால் மணிக்கு 2,000 லிட்டருக்கு மேல் டேங்குக்குள் சுழல்கிறது. பச்சைத் தண்ணீர் அடியில் வந்ததும் சென்சார் அதைப் பார்த்து, சரியாக ஏழு மணிக்கு, நெரிசலின் நடுவில், கருவியை ஓடவிடும். மத்தால் கடைவது போல அடுக்குகள் எல்லாம் கலைந்துவிடும். உதவிக்கு வந்த கருவியே காரியத்தைக் கெடுத்துவிட்டது.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட விதி: சுற்றி ஏற்றும் வகை ஹீட் பம்ப் என்றால், காலை நேரத்தில் அது சூடாக்கித் தருவது பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடு. ஆறு முதல் எட்டரை வரை டைமரால் அதை நிறுத்து. டேங்க் மட்டுமே 2,820 லிட்டரையும் தர வேண்டும் என்றால், 80 சதவீதப் பயன்பாட்டில் 3,530 லிட்டர். சந்தையில் கிடைக்கும் அளவில் 2,000 லிட்டர் டேங்க் இரண்டு. ஒரே ஓட்டத்தில் 22-லிருந்து 55-க்கு ஏற்றி, டேங்கின் மேல்புறத்தில் விடும் வகையும் உண்டு. அது அடுக்கைக் குலைக்காது, காலையிலும் ஓடலாம், 3,000 லிட்டரே போதும். விலை கேட்டு இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு டேங்கையும் வரிசையாக இணைக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் முதல் டேங்கின் அடியில் நுழையும். அதன் தலையிலிருந்து இரண்டாவதின் அடிக்குப் போகும். இரண்டாவதின் தலையிலிருந்து குளியலறைகளுக்கு. இப்படி வைத்தால் முதல் டேங்கில் ஏற்படும் கலப்பு இரண்டாவதின் தலையை எட்ட நெடுநேரம் ஆகும். பக்கவாட்டில் படுத்திருக்கும் டேங்கைவிட நிற்கும் டேங்க் நல்லது. பச்சைத் தண்ணீர் நுழையும் வாயில் ஒரு தடுப்புத் தகடு வேண்டும், இல்லையென்றால் மேல்தொட்டியிலிருந்து வரும் வேகத்திலேயே கலக்கிவிடும்.

இரண்டு டேங்கும் நிறைந்தால் தண்ணீர் மட்டும் நான்கு டன். மொட்டை மாடித் தளத்தின் நடுவில் வைக்கக் கூடாது. தூண்களுக்கு மேலே, பீம் மேல் பீடம் கட்டி, கட்டடப் பொறியாளரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

குழாய்தான் வெந்நீரைக் குடிக்கிறது

தரைத்தள மாணவி குழாயைத் திறந்ததும் சூடு வர வேண்டும் என்று வெந்நீரைச் சுற்றவிடும் ரிட்டர்ன் லைன் போடுவார்கள். நல்லதுதான். ஆனால் உறை போடாத ஓரங்குலக் குழாய் 55 டிகிரியில் மீட்டருக்கு 30 வாட் அளவில் வெப்பத்தை விடும். போக வர 120 மீட்டர் என்றால் மூன்றரை கிலோவாட்டுக்கு மேல். நாள் முழுக்கப் பம்ப் ஓடினால் 85 யூனிட் வெப்பம் சுவரைச் சூடாக்கப் போகும். நம்முடைய 137-இல் குழாய், டேங்க் எல்லா இழப்புக்குமாகச் சேர்த்து வைத்தது 18 யூனிட்தான். குழாய் முழுக்க நல்ல உறை, பம்ப்புக்கு டைமர், காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று வைத்தால் ஐந்து யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஹீட் பம்ப் போட்டும் பில் குறையவில்லை என்று வரும் இடங்களில் நான் முதலில் பார்ப்பது கருவியை அல்ல, இரவு இரண்டு மணிக்கு ரிட்டர்ன் பம்ப் ஓடுகிறதா என்பதை.

இன்னொரு கோளாறும் அடிக்கடி வரும். டேங்கின் தலையில் 54 டிகிரி இருக்கும், இரண்டாம் தளத்தில் மட்டும் 38 வரும். ஏதோ ஒரு குளியலறையில் மிக்ஸரின் வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டு கைப்பிடியையும் திறந்துவிட்டு, முனையில் இருக்கும் குழாயை மட்டும் அடைத்திருப்பார்கள். அந்த வழியாகப் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் ஏறிவிடும். அந்தத் தளம் முழுக்கச் சூடு போய்விடும். கண்டுபிடிக்க, அந்தத் தளத்துக்கு வரும் வெந்நீர் வால்வை மூடிவிட்டு ஒரு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். தண்ணீர் தொடர்ந்து வந்தால் கலப்பு அங்கேதான். ஒவ்வொரு மிக்ஸருக்கும் ஒருவழி வால்வு போட்டால் இது வராது.

தேர்ந்தெடுத்தது

இந்த விடுதிக்கு 6 கிலோவாட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் இரண்டு, 2,000 லிட்டர் டேங்க் இரண்டு, கூடவே 9 கிலோவாட் ராடு என்று முடிவு செய்தோம். 12 கிலோவாட்டில் ஒன்று வாங்காமல் இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம், ஒன்று பழுதானாலும் மற்றது மீதி நேரம் முழுக்க ஓடி 129 யூனிட் வரை தந்துவிடும்; குறையும் கொஞ்சத்தை ராடு பார்த்துக்கொள்ளும். தேர்வு நேரத்தில் சர்வீஸ் ஆளுக்காகக் காத்திருக்கும் நிலை வராது. எட்டரைக்குத் தொடங்கினால் மாலை ஐந்தரைக்குள் காலைக் கணக்கு ஈடாகிவிடும். அது பெரும்பாலும் வெயில் நேரம், காற்றும் சூடாக இருக்கும். மாலைக் குளியலுக்குப் பிறகு இரண்டரை மணி நேரம் ஓடினால் மறுநாளுக்குத் தயார்.

ராடுக்கு இன்னொரு வேலையும் உண்டு. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீரில் பெருகும். அந்தத் தண்ணீர்த் திவலையை மூச்சில் இழுத்தால் கடுமையான நிமோனியா வரலாம். 60 டிகிரிக்கு மேல் அது பிழைப்பதில்லை. சாதாரண ஹீட் பம்ப் 55-இல் நின்றுவிடுவதால், வாரம் ஒருமுறை ராடை ஓட்டி இரண்டு டேங்கையும் 65-க்கு ஏற்ற வேண்டும். ஐந்து மணி நேரம் ஆகும். 65 டிகிரித் தண்ணீர் கையில் பட்ட சில நொடியிலேயே கொப்புளம் வரும் என்பதால் சனி இரவு ஏற்றி, ஞாயிறு காலை முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்துவிட்டு வெந்நீரை விடும்படி எல்லாத் தளத்திலும் எழுதி ஒட்டச் சொன்னேன். செமஸ்டர் விடுமுறை முடிந்து திறக்கும்போதும் இதைச் செய்து, எல்லாக் குழாயையும் திறந்துவிட்ட பிறகுதான் மாணவிகளை விட வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். சிறுவாணித் தண்ணீர் வரும் இடத்தில் கவலையில்லை. போர் தண்ணீர் என்றால் ராடிலும் ஹீட் பம்ப்பின் வெப்பமாற்றியிலும் உப்பு படியும். ராடில் படிந்தால் ராடு கருகும், மாற்றிவிடலாம். ஹீட் பம்ப்பில் படிந்தால் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் உள்ளே அழுத்தம் ஏறி, கருவி அடிக்கடி தானாக நிற்கும். அதே டேங்க் நிறைய முன்பு ஒன்பது மணி நேரம் ஆனது, இப்போது பதினொன்று ஆகிறது என்றால் உப்பு என்று சந்தேகப்படுங்கள். போர் தண்ணீர் மட்டுமே உள்ள இடத்தில் மென்னீராக்கியின் விலையையும் ஹீட் பம்ப்பின் விலையோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

ஏற்பாட்டை ஒப்படைக்கும்போது பணத்தின் கடைசிப் பகுதியை நிறுத்திவைக்கச் சொன்னேன், முதல் டிசம்பர் சோதனை முடியும்வரை. சோதனை எளிது. வகுப்பு உள்ள ஒரு நாளில் ஆறு முதல் எட்டேகால் வரை, இரண்டாவது டேங்கின் தலையிலும் தரைத்தளத்தின் கடைசிக் குளியலறையிலும் கால் மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். தலையில் ஏழே முக்கால்வரை 50-க்கு மேல் நின்று, எட்டுக்குப் பிறகு சரசரவென்று இறங்கினால் டேங்க் அடுக்கு குலையாமல் வேலை செய்கிறது, ஆனால் லிட்டர் கொஞ்சம் போதவில்லை. ஆறரையிலிருந்தே 55, 52, 49, 45 என்று மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கலக்குகிறது: டைமர் வேலை செய்யவில்லை, அல்லது தடுப்புத் தகடு இல்லை. தலையில் சூடு நின்று, தரைத்தளத்தில் மட்டும் வரவில்லை என்றால் குழாய் உறையையும் மிக்ஸரையும் பாருங்கள்.